பல்பு படத்தில் வாட் அழிந்திருந்தால் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஊரில் அம்மா வீட்டு வராண்டா எல்இடி பல்பு போய்விட்டது. அம்மா அதைக் கழற்றி, போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். வாட் இருக்கும் இடத்தில் எழுத்து சுத்தமாக அழிந்திருக்கிறது. "220-240V~ 50Hz 44mA PF>0.9 900lm 6500K" என்பது மட்டும் தெரிகிறது. 44 என்று இருப்பதால் இது 44 வாட்டா? எந்த ஹோல்டர் என்றும் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இங்கிருந்து வாங்கி அனுப்ப வேண்டும்.
— திருச்சி வாசகி

பதில்: 44 வாட் பல்பை வாங்கி அனுப்பிவிடாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் mA என்று இருக்கிறது பாருங்கள், அது மில்லி ஆம்பியர். பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்ற கணக்கு அது. வாட்டுக்கு எண்ணுக்குப் பின்னால் W இருக்கும். படத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்தைச் சேர்த்தே படியுங்கள்.

நல்லவேளையாக, மிச்சமிருக்கும் எண்களை வைத்தே வாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி, அதைப் பவர் ஃபேக்டரால், அதாவது படத்தில் PF என்று இருக்கும் எண்ணால், பெருக்குவது. 44 மில்லி ஆம்பியர் என்றால் 0.044 ஆம்பியர். வோல்டேஜுக்கு நடுவில் 230 என்று வைத்துக்கொள்வோம்.

```
230 × 0.044 × 0.9 = 9.1
```

ஆக, 9 வாட். இரண்டாவது வழி இன்னும் சுலபம். இப்போது கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்இடி பல்புகள் வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் வெளிச்சம் தருகின்றன. 900lm என்றால் 9 வாட். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, அதனால் தைரியமாக 9 வாட் வாங்கலாம்.

முதல் கணக்கில் ஒரு குழி உண்டு. மலிவு பல்புகள் பலவற்றில் பவர் ஃபேக்டர் 0.5 தான் இருக்கும். அதே 9 வாட் பல்பு அங்கே 75mA என்று காட்டும். அதைப் பார்த்து 0.9 போட்டுக் கணக்குப் பண்ணினால் 15 வாட்டுக்கு மேல் வந்துவிடும். பவர் ஃபேக்டர் என்ன என்று படத்தில் தெரியாவிட்டால் லூமென் கணக்கை மட்டும் நம்புங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பல்பைத் தலைகீழாகப் பிடித்து எடுத்த படத்தில் 9 என்பது 6 மாதிரியும், 6 என்பது 9 மாதிரியும் தெரியும். பக்கத்தில் இருக்கும் W-வைப் பாருங்கள். அது M மாதிரி தெரிந்தால் படத்தைத் திருப்ப வேண்டும் என்று அர்த்தம்.

சரி, இப்போது ஹோல்டர். அம்மாவிடம் பல்பின் உலோகக் கழுத்து பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு படமும், அடிப்பக்கம் நேராகத் தெரிகிற மாதிரி இன்னொரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து வழவழப்பாக இருந்து, இரண்டு பக்கமும் சின்ன ஆணி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அது பின் டைப். அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள் இருக்கும். கழுத்தில் மரை ஓடி, அடியில் நடுவில் ஒரே ஒரு பொட்டு இருந்தால் ஸ்க்ரூ டைப். பின் டைப்பை B22 என்றும் ஸ்க்ரூவை E27 என்றும் டப்பாவில் போட்டிருப்பார்கள். B22d என்று இருந்தாலும் அதே பின் டைப்தான், குழம்ப வேண்டாம். நம் ஊர் வீட்டு வராண்டாவில் பெரும்பாலும் பின் டைப்தான் இருக்கும். ஆனாலும் அலங்கார விளக்கு மாட்டியிருந்தால் ஸ்க்ரூவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

படத்தில் ஏமாற்றுவது அளவு. மரை கழுத்தில் E27 ஒன்று, அதில் பாதி அகலத்தில் E14 ஒன்று. தனியாகப் படம் எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த எண்கள் மில்லிமீட்டரில் கழுத்தின் அகலம். பத்து ரூபாய் நாணயத்தின் அகலமும் 27 மில்லிமீட்டர்தான். நாணயத்தைக் கழுத்தை ஒட்டி வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் E27, கழுத்து பாதிதான் வந்தால் E14. நாணயம் கேமராவுக்குக் கிட்டேயும் பல்பு தள்ளியும் இருந்துவிடக் கூடாது, அப்போது அளவு பொய் சொல்லும்.

கடையில் வாங்கும்போது டப்பாவில் R- என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய பதிவு என்று காட்டும். வேறு பொருளுக்குப் பதிந்த எண் பல்பில் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வரலாம்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு பல்பின் படம் பார்த்தேன். எரிகிற படத்தில் இதமான மஞ்சள் வெளிச்சம். விவரத்தில் 6500K என்று இருக்கிறது. எதை நம்புவது?
— மதுரை வாசகர்

பதில்: எண்ணை நம்புங்கள். 6500K என்றால் நீலம் கலந்த வெள்ளை, கடையில் கூல் டே லைட் என்பார்கள். மஞ்சள் வேண்டுமானால் 2700K அல்லது 3000K, அதாவது வாம் ஒயிட். நடுவில் 4000K இருக்கிறது. எண் ஏற ஏற நிறம் நீலத்தை நோக்கிப் போகும். வெளிச்சம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வெளிச்சத்துக்கு லூமென்தான் கணக்கு.

போன் கேமரா, முன்னால் இருக்கும் வெளிச்சத்தை வெள்ளையாகக் காட்ட எப்போதும் முயலும். மஞ்சள் பல்பை மட்டும் வைத்து எடுத்தால் அதை வெளிறச் செய்துவிடும். விற்பவர் படத்துக்கு மஞ்சள் பூசியும் இருக்கலாம். வீட்டில் ஒப்பிட வேண்டும் என்றால், எண் தெரிந்த ஒரு பல்பையும் எண் தெரியாத பல்பையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டு ஒரே படத்தில் எடுங்கள். எது மஞ்சள், எது நீலம் என்பது அப்போது தெரிந்துவிடும். சரியான எண் தெரியாது, ஆனால் கடைக்காரரிடம் கேட்க அது போதும்.

கேள்வி: சமையலறையில் பழைய நாலடி டியூப்லைட். முனையில் "36W/865" என்று இருக்கிறது. சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய ஃபிட்டிங். கடைக்காரர் 36 வாட் எல்இடி டியூப்பே போடலாம் என்கிறார். வாங்கலாமா? படம் இணைத்திருக்கிறேன்.
— வேலூர் வாசகர்

பதில்: 36 வாட் தேவையே இல்லை. பழைய டியூப்பின் 36 என்பது அந்தக் குழாய் மட்டும் இழுப்பது, சோக் தனியாக இன்னும் சில வாட் இழுக்கும். அதே நீளத்துக்கு எல்இடியில் 18 அல்லது 20 வாட் போட்டாலே சமையலறைக்குத் தாராளம்.

865 என்பதை வாட் மாதிரியோ மாடல் எண் மாதிரியோ படித்துவிடாதீர்கள். முதல் எண் 8, நிறங்களை இயல்பாகக் காட்டும் திறன் 80-க்கு மேல் என்பதைச் சொல்கிறது. அடுத்த 65 என்பது 6500K. இதே கணக்கில் 830 என்று இருந்தால் 3000K, 840 என்றால் 4000K. உங்களுக்கு இப்போதைய வெள்ளை நிறமே வேண்டுமானால் 6500K கேளுங்கள். காய்கறி நறுக்குகிற மேடைக்கு 4000K இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

உங்கள் படத்தில் டியூப்பின் முனையில் இரண்டு பின்கள் தெரிகின்றன. குழாயும் தடித்தது. அது T8, 26 மில்லிமீட்டர் விட்டம். அதன் முனைக்கு G13 என்று பெயர், இரண்டு பின்னுக்கும் இடைவெளி 13 மில்லிமீட்டர். மெல்லிய குழாயில் T5, G5 என்று இருக்கும், அது உங்கள் ஹோல்டரில் நிற்கவே நிற்காது.

பின் பொருந்திவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எல்இடி டியூப்பில்தான் உண்மையான சிக்கல் இங்கே வருகிறது. ஒரு வகை டியூப்புக்கு ஒரே முனையில் இரண்டு பின்னுக்கும் லைனும் நியூட்ரலும் கொடுக்க வேண்டும். அந்த முனையில் L, N என்றோ INPUT என்றோ அச்சிட்டிருக்கும். இன்னொரு வகைக்கு ஒரு முனையில் லைன், மறு முனையில் நியூட்ரல். இரண்டும் வெளியில் பார்க்க ஒன்றேதான். மறு முனையின் இரண்டு பின்களும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும் டியூப்புகள் உண்டு. அப்படி ஒன்றைத் திருப்பிப்போட்டு, லைனும் நியூட்ரலும் உள்ள ஹோல்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகி எம்சிபி விழும். அதனால் ஆன்லைனில் வாங்கினால் டியூப்பின் இரு முனைகளும், டப்பாவில் இருக்கும் வயரிங் வரைபடமும் தெரிகிற படத்தைப் பார்த்த பிறகு ஆர்டர் செய்யுங்கள்.

உங்கள் சோக், செம்புக் கம்பி சுற்றிய கனமான பழைய வகையா, லேசான எலக்ட்ரானிக் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். கனமான வகை என்றால், சில எல்இடி டியூப்புகளுடன் வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் பழைய ஸ்டார்ட்டர் இடத்தில் மாட்டினால் போதும், வயரைத் தொட வேண்டாம். டப்பா வரைபடத்தில் சோக் அப்படியே இருப்பதாகக் காட்டியிருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். எலக்ட்ரானிக் சோக் என்றால் அதைக் கழற்றிவிட்டு நேரடி வயரிங் செய்வதுதான் பொதுவான வழி. எலக்ட்ரீஷியனை விட்டே செய்யுங்கள். இரு முனை வகையில் ஒரு முனையை மட்டும் ஹோல்டரில் செருகியபடி, ஸ்விட்ச் போட்டிருக்கும் நிலையில் மறு முனைப் பின்னைத் தொட்டால் ஷாக் அடிக்கும். சுவர் ஸ்விட்ச் நியூட்ரலைத் துண்டிக்கிற பழைய வயரிங்காக இருந்தால் அணைத்த பிறகும் அடிக்கும், அதனால் மெயினை இறக்கிவிட்டு மாற்றுவதே நல்லது.

இத்தனை தொல்லை வேண்டாம் என்றால், பழைய ஃபிட்டிங்கையே கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி பேட்டன் ஒன்றை மாட்டிவிடுங்கள். ஹோல்டர், சோக் எதுவும் இல்லாமல் இரண்டே வயரில் எரியும். உள்ளே கெட்டால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் குறை. உங்கள் படத்தில் ஃபிட்டிங்கின் ஒரு ஓரம் துருப்பிடித்து, ஹோல்டர் பிளாஸ்டிக்கும் பழுப்பேறி வெடித்திருக்கிறது. அந்த ஹோல்டரை நம்பிப் புதுடியூப் வாங்குவதைவிட பேட்டன் பக்கம் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது.