கலர் ஸ்கிரிப்ட்: சோகக் காட்சிக்கு நீலம் போட்டால் போதுமா?

கேள்வி: நான்கு நிமிட அனிமேஷன் குறும்படம் செய்கிறேன். அப்பா இறந்த பிறகு அவருடைய சிவப்பு சைக்கிளை விற்க வேண்டி வருகிறது, கதை மகனுடையது. படம் முழுக்க நிறம் எப்படி மாறும் என்று சின்னப் படங்களாக வரிசையாகக் காட்டும் கலர் ஸ்கிரிப்டில், சந்தோஷக் காட்சிகளுக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம் என்று போட்டேன். வரிசையாகப் பார்த்தால் எதுவுமே தொடவில்லை. ஏன்?

மஞ்சள், நீலம் என்று இரண்டே நிலை வைத்தால், கதை நகர்வது தெரியாது. நிறம் இங்கிருந்து அங்கே தாவுவதுதான் தெரியும். பார்ப்பவர் ஒரு நிறத்தைத் தனியாக உணர்வதில்லை, சற்று முன் பார்த்ததிலிருந்து அது எவ்வளவு விலகியது என்பதைத்தான் உணர்கிறார். அதனால் எந்த நிறம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு காட்சியிலும் மகன் அப்பாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த அருகாமையை சாச்சுரேஷனாக, அதாவது நிறம் எவ்வளவு பளிச்சென்று அடர்த்தியாக இருக்கிறது என்ற அளவாக மாற்றுங்கள்.

உங்கள் கதையிலேயே செய்து பார்ப்போம். அப்பாவோடு காலைச் சவாரி: சைக்கிளின் சிவப்புக்கு சாச்சுரேஷன் 80, தெருவுக்கு 50, இளமஞ்சள் வெயில். அடுத்து அப்பா இல்லாத காலை. இங்கே நீலத்துக்குப் போகாதீர்கள். அதே தெரு, அதே மஞ்சள் வெயில். தெருவின் சாச்சுரேஷனை மட்டும் 25-க்கு இறக்குங்கள், சிவப்பை அப்படியே விடுங்கள். எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஏதோ போய்விட்டது என்று தோன்றும். விற்கும் காட்சியில் சைக்கிளை நிழலுக்குள் தள்ளி, சிவப்பையும் 30-க்குக் கொண்டுவாருங்கள். பழைய இரும்புக் கடையில் அது மற்ற துருப் பழுப்போடு கிட்டத்தட்ட கலந்துவிடட்டும்.

கடைசியில் வேறொரு சிறுமி அதை ஓட்டிப் போவதை மகன் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சிவப்பு மறுபடி 80. ஆனால் சுற்றிலும் காலை மஞ்சள் வேண்டாம். சாயங்கால நீலம் இருக்கட்டும். சைக்கிளுக்கு உயிர் வந்துவிட்டது, அந்தக் காலை மட்டும் திரும்பவில்லை. நீங்கள் ஆசைப்பட்ட நீலத்துக்கு இதுதான் இடம். முன்பே செலவழித்திருந்தால் இங்கே அது வேலை செய்யாது.

கேள்வி: எத்தனை படம் வரைய வேண்டும்? எவ்வளவு விவரமாக?

ஷாட்டுக்கு ஒன்று தேவையில்லை. உணர்ச்சி திரும்பும் இடத்துக்கு ஒன்று. நான்கு நிமிடப் படத்துக்கு இருபது, இருபத்தைந்து போதும். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான், எல்லாம் ஒரே தாளில், ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நீண்ட காட்சிக்கு அகலமான கட்டம் கொடுங்கள். எல்லாம் ஒரே அகலமாக இருந்தால், ஐந்து விநாடி வரும் பளீர் நிறமும் ஒரு நிமிடம் ஓடும் மங்கலும் சம எடையாகத் தெரிந்து ஏமாற்றும். கோடு போடாதீர்கள், முகம் வரையாதீர்கள். 1995-இல் வந்த ‘டாய் ஸ்டோரி’க்கு அதன் கலை இயக்குநர் ரால்ஃப் எகில்ஸ்டன் கலர் ஸ்கிரிப்டை பாஸ்டலில் செய்தார். பாஸ்டல் சின்ன விவரத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது, கை தானாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் கவனிக்கும். கணினியிலும் பெரிய பிரஷ்ஷை மட்டும் வைத்துக்கொண்டால் அதே பலன்.

கேள்வி: கலர் ஸ்கிரிப்டில் அழகாக இருந்த காட்சி, படத்தில் வைத்ததும் பாத்திரம் பின்னணியில் கரைந்துவிடுகிறது.

நிறம் வேறாக இருந்தாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். எல்லா லேயருக்கும் மேலே முழுக் கறுப்பில் ஒரு லேயர் வைத்து, அதன் பிளெண்ட் மோடை `Color` என்று மாற்றுங்கள். பாத்திரமும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இரண்டில் ஒன்றை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பூஜ்யத்துக்கு இழுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். பல மென்பொருள்களில் அப்படிச் செய்தால் முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். கண்ணுக்கோ மஞ்சள்தான் பல மடங்கு வெளிச்சம்.

மேலே சொன்ன இரும்புக் கடை போல, கரைவதே நோக்கம் என்றால் விட்டுவிடலாம். அப்போதும் மகனின் முகம் மட்டுமாவது பிரிந்து தெரியட்டும்.

கேள்வி: என் இன்னொரு படம் முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது. மாற்றம் காட்ட என்ன வழி?

வானத்தை விட்டுவிட்டு விளக்குகளைப் பிடியுங்கள். சோடியம் தெருவிளக்கின் ஆரஞ்சு, டியூப் லைட்டின் வெளிர் பச்சை, அடுப்பின் சிவப்பு என்று ஒவ்வொரு இடத்துக்கும் கதைக்குள்ளேயே காரணம் கிடைக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆரஞ்சு விளக்குக்குப் பக்கத்தில் வெறும் சாம்பல் வைத்தாலே அது நீலமாகத் தெரியும். அதன் மேல் நிஜ நீலத்தையும் பூசினால் இரவு பொம்மைக் கடை மாதிரி ஆகிவிடும்.