முடங்கிய கணக்கில் பிடித்த பணம்: எது வங்கிக்கு, எது உங்களுக்கு?

கேள்வி: ஐயா, பழைய வேலையின் சம்பளக் கணக்கில் 8,200 ரூபாய் விட்டு வைத்திருந்தேன். 2022 ஜூன் 10 அன்று ஏடிஎம்மில் பணம் எடுத்ததுதான் கடைசி. இப்போது கிளைக்குப் போனால் கணக்கு முடங்கிவிட்டது என்கிறார்கள். 2022 டிசம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று காலாண்டுக்கு ஒருமுறை 354 ரூபாய் வீதம் பிடித்திருக்கிறார்கள். மீண்டும் இயக்க 590 ரூபாய் கட்டணமும், 10,000 ரூபாய் டெபாசிட்டும் கேட்கிறார்கள். அலைந்து என்ன பயன், விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: விட்டுவிட வேண்டாம் அம்மா. அதேபோல, கிளையில் சொன்னார்கள் என்று 10,000 ரூபாயை இப்போதே போடவும் வேண்டாம். உங்கள் வழக்கு முழுவதும் ஒரே ஒரு தேதியைச் சுற்றித்தான் இருக்கிறது. அது உங்கள் கணக்கு சட்டப்படி ‘இன்ஆபரேட்டிவ்’ ஆன தேதி. அதற்கு முன் பிடித்த பணத்துக்கு ஒரு நியாயம், அதற்குப் பின் பிடித்ததற்கு வேறு நியாயம்.

ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல்களின்படி, சேமிப்புக் கணக்கிலோ நடப்புக் கணக்கிலோ வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்றால் அது இன்ஆபரேட்டிவ் கணக்கு. வங்கி வட்டி போடுவதும் கட்டணம் பிடிப்பதும் உங்கள் நடவடிக்கை ஆகாது. பல வங்கிகள் ஓராண்டு கடந்ததுமே கணக்கைத் தங்கள் கணினியில் ‘இன்ஆக்டிவ்’ என்று குறித்துவிடுகின்றன. கவுன்ட்டரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். ஆனால் உங்களுக்குப் பாதுகாப்பு தருவது இரண்டாண்டுக் கணக்குதான்.

அந்தப் பாதுகாப்பு என்ன? இன்ஆபரேட்டிவ் என வகைப்படுத்தப்பட்ட கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. அதை மீண்டும் இயக்குவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. சேமிப்புக் கணக்கு என்றால் வட்டியை நிறுத்தவும் கூடாது. ஆகவே 590 ரூபாயைக் கட்ட வேண்டியதில்லை. ‘இந்தக் கட்டணம் எந்த விதியின்படி என்று எழுதிக் கொடுங்கள்’ என்று அமைதியாகக் கேளுங்கள்.

சரி, இப்போது பிடித்த பணத்துக்கு வருவோம். மொத்தம் 12 முறை, 4,248 ரூபாய். 2022 ஜூன் 10-ஐ அடுத்து இரண்டு ஆண்டுகள் 2024 ஜூன் 10 அன்று முடிகின்றன. 2022 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரையிலான 6 பிடித்தங்கள், அதாவது 2,124 ரூபாய், அந்தத் தேதிக்கு முந்தியவை. 2024 ஜூன் இறுதி முதல் 2025 செப்டம்பர் வரையிலான 6 பிடித்தங்கள், இன்னொரு 2,124 ரூபாய், அதற்குப் பிந்தியவை. இந்த இரண்டாவது தொகையை நீங்கள் உரிமையோடு திரும்பக் கேட்கலாம். 354 ரூபாய் என்பது 300 ரூபாய் அபராதமும் 18 சதவீத ஜிஎஸ்டி 54 ரூபாயும் சேர்ந்தது. அபராதமே செல்லாதபோது அதன் மேல் வரி எங்கிருந்து வரும்? வரியையும் சேர்த்தே கேளுங்கள்.

இதில் ஒரு பிடித்தத்துக்கு மட்டும் வங்கி மல்லுக்கு நிற்கலாம். 2024 ஜூன் இறுதியில் பிடித்தது ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கானது, அதில் பெரும்பகுதி கணக்கு முடங்குவதற்கு முந்தியது என்பார்கள். பணத்தை எடுத்த நாளில் கணக்கின் நிலை என்ன என்பதுதான் கேள்வி என்று நீங்கள் பதில் சொல்லலாம். அந்த ஒரு 354 ரூபாய்க்காக மற்ற ஐந்தும் தாமதமாக வேண்டாம். அதைத் தனி வரியாக எழுதிக் கேளுங்கள்.

கடிதம் கொடுக்கும் முன் உங்கள் நினைவை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பணம் எடுப்பதும் போடுவதும் மட்டுமே நடவடிக்கை என்று நினைக்கிறோம். விதிப்படி வங்கிச் செயலியிலோ இணைய வங்கியிலோ வெற்றிகரமாக உள்ளே நுழைந்தாலே அதுவும் வாடிக்கையாளரின் நடவடிக்கைதான். இருப்பு பார்ப்பது, காசோலைப் புத்தகம் கேட்பது, நாமினி மாற்றுவது, கேஒய்சி புதுப்பிப்பது எல்லாம் அதில் அடங்கும். 2023 நவம்பரில் ஒருநாள் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் அன்றிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்து, இரண்டாண்டு 2025 நவம்பரில்தான் முடியும். அப்போது நான் மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறிவிடும். எனவே உங்கள் பதிவுகளின்படி என் கடைசி நடவடிக்கை எது, கணக்கை எந்தத் தேதியில் இன்ஆபரேட்டிவ் ஆக வகைப்படுத்தினீர்கள் என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாண்டு எப்போதோ முடிந்தும் வங்கி தாமதமாகத்தான் குறித்தது என்றால், அந்தத் தாமதம் வங்கியுடையது. அதன் சுமையை உங்கள் தலையில் வைக்க முடியாது.

முதல் ஆறு பிடித்தங்கள் அவ்வளவு எளிதல்ல. சம்பளம் வருவது நின்றால் சம்பளக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றுவது வங்கிகளின் வழக்கம். மாறியதும் குறைந்தபட்ச இருப்பு விதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காகக் கட்டணம் பிடிப்பதே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் 2015 ஏப்ரல் முதல் இதற்கும் கட்டுப்பாடு உண்டு. இருப்பு குறைந்ததும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதம் கொடுத்த பிறகுதான் அபராதம் போடலாம். அபராதம் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. ஆகவே முன்னறிவிப்பு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குப் போனது என்று கேளுங்கள். அனுப்பவே இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் செல்பேசி எண்ணை மாற்றிவிட்டு வங்கிக்குச் சொல்லவில்லை என்றால், இந்த 2,124 ரூபாயில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கெஞ்சிக் கேட்டால் சில கிளை மேலாளர்கள் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். அது உரிமை அல்ல, சலுகை.

10,000 ரூபாயைப் போடாதீர்கள் என்று ஏன் சொன்னேன்? முடங்கிய கணக்குக்குள் பணம் போகும், வெளியே வராது. நீங்கள் முறையாக இயக்கக் கேட்டு அது நடக்கும்வரை அதில் பற்று வைக்க வங்கி அனுமதிக்கக் கூடாது. மோசடிக்காரர்கள் முடங்கிய கணக்குகளைத் தேடிப் பிடிப்பதால் வந்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் பணம் போட்டால் கணக்கு தானாக உயிர்பெறும் என்று நம்பி யுபிஐயில் அனுப்பியவர்கள், போட்ட பணத்தையும் எடுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், கணினியில் ‘வசூலிக்க வேண்டிய கட்டணம்’ என்று ஏதாவது நிலுவை ஏறியிருந்தால், இயக்கிய அன்றே புதுப் பணத்திலிருந்து அது கழிந்துவிடும். முடங்கிய காலத்துக்குப் போடக் கூடாத அபராதத்தைப் பிறகு நிலுவையாகவும் வசூலிக்கக் கூடாது. ஆனாலும் போன பணத்தை மீட்பதைவிடப் போகாமல் தடுப்பது சுலபம்.

ஆகவே முதல் வேலை, 2022 ஜூன் முதல் இன்றுவரையிலான ஸ்டேட்மென்ட் வாங்குவது. பிடித்தங்களோடு வட்டி விடாமல் வரவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிலுவை ஏதும் குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு தனித்தனிக் கடிதங்கள் கொடுங்கள். ஒன்று கணக்கை இயக்கவும் கேஒய்சி புதுப்பிக்கவும். இதைக் கணக்கு தொடங்கிய கிளையில்தான் தர வேண்டும் என்பதில்லை. அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் தரலாம், வீடியோ அழைப்பு மூலம் அடையாளம் சரிபார்க்கும் வசதி அந்த வங்கியில் இருந்தால் அதையும் கேட்கலாம். ஆதார் போன்ற முகவரிச் சான்று, பான் அட்டை, புகைப்படம் கொண்டு போங்கள். இப்போதைய செல்பேசி எண்ணையும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 3 வேலைநாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். அந்த நாட்களை எண்ணத் தொடங்க, நகலில் தேதி, கையொப்பம், முத்திரை வேண்டும்.

இரண்டாவது கடிதம் பணத்துக்கு. நீட்டி முழக்க வேண்டாம், இவ்வளவு போதும்:

‘என் கணக்கில் கடைசி நடவடிக்கை 2022 ஜூன் 10. இரண்டாண்டு கடந்து கணக்கு இன்ஆபரேட்டிவ் ஆன பிறகு, 2024 ஜூன் முதல் 2025 செப்டம்பர் வரை குறைந்தபட்ச இருப்புக்காக 6 முறை பிடித்த 2,124 ரூபாயை, ரிசர்வ் வங்கியின் விதிப்படி என் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும். அதற்கு முந்தைய 6 பிடித்தங்களுக்கான முன்னறிவிப்பு நகல்களைத் தரவும். கணக்கை இயக்கக் கட்டணம் எதுவும் பிடிக்க வேண்டாம்.’

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், கட்டணத் தகராறு தீரட்டும் என்று சொல்லி இயக்குவதையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் பிரிக்கச் சொல்கிறேன்.

கணக்கு இயங்க ஆரம்பித்த நாளிலிருந்து குறைந்தபட்ச இருப்பு விதியும் கூடவே எழுந்து நிற்கும். இயக்குவதற்கு 10,000 ரூபாய் டெபாசிட் நிபந்தனை அல்ல. ஆனால் இயக்கிய பின் அந்த இருப்பு இல்லாவிட்டால் அபராதம் மறுபடி தொடங்கும். எனவே முடிவை முன்பே எடுத்துவிட்டுப் போங்கள். கணக்கு தேவையில்லை என்றால், இயக்கும் கடிதத்திலேயே மூடவும் கேளுங்கள். மீதிப் பணத்தை உங்கள் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி, ரத்து செய்த காசோலை ஒன்றை இணையுங்கள். திரும்ப வர வேண்டிய தொகையும் அதே கணக்குக்கு வரட்டும் என்று இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை வங்கியின் கட்டண அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு வேண்டும், ஆனால் 10,000 ரூபாயை முடக்க முடியாது என்றால், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அதில் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. உங்களுக்கு வேறு எந்த வங்கியிலும் அத்தகைய கணக்கு இருக்கக் கூடாது, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கும் வைத்திருக்க முடியாது.

இரண்டாவது கடிதம் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. முத்திரையிட்ட நகலையும் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்தால் போதும். வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். நீங்கள் இதை அப்படியே விட்டாலும் பணத்தை வங்கி விழுங்கிவிட முடியாது. கணக்கு 10 ஆண்டுகள் இயங்காமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகும், அதன் பிறகும் உங்கள் வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். ஆனால் அன்றைக்கு 2022-ன் குறுஞ்செய்திப் பதிவை எந்தக் கிளையில் தேடிப் பிடிப்பீர்கள்? இந்த வாரமே ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள்.