கொட்டேஜ் சீஸை ஏன் கழுவ வேண்டும்?

“வீட்டில் கொட்டேஜ் சீஸ் செய்தால் புளிக்கிறது, கட்டியாக ஒட்டுகிறது. ஏன்?”

கொட்டேஜ் சீஸ் என்பது உறைந்த பாலை வெட்டி, மெல்லச் சூடாக்கி, வடித்தெடுக்கும் மணிகள். மணிகளைச் சுற்றிப் புளித்த பால்நீரும் சூடும் தங்கிவிடுவதால்தான் இரண்டு தொல்லையும்.

1 லீற்றர் பசுப்பால் கட்டித் தயிராக உறைந்ததும் சிறு சதுரங்களாக வெட்டி, அரை மணி நேரத்தில் 50 பாகை அளவுக்குச் சூடாக்குங்கள். மணியை அழுத்தினால் களியாகக் கூடாது. அப்புறம் வடித்து, கொதித்தாறிய தண்ணீரில் அரிசி களைவதுபோல் கலங்கல் தெளியும்வரை மெதுவாக அலசுங்கள். கடைசித் தண்ணீருக்கு ஐஸ் போடுங்கள். வன்னி வெயிலில் கிணற்றுத் தண்ணீரின் குளிர் போதாது. குளிர்ந்தால் மணிகள் இறுகித் தனித்தனியாக நிற்கும்.

நன்றாக வடிந்த பிறகே, பால் விட்டு இளக்கிய 3 மேசைக்கரண்டி கிறீமும் உப்பும் சேருங்கள். ஈரம் இருந்தால் கிறீம் அடியில் ஓடித் தேங்கிவிடும்.

கழுவினால் சத்தெல்லாம் போய்விடும் என்பார்கள்; போவது பெரும்பாலும் புளிப்பும் பால்சர்க்கரையும்தான், முக்கியப் புரதம் மணிக்குள்ளேயே இருக்கும்.