டாலர் எப்போது வாங்குவது? மண்ணடி, சௌகார்பேட்டை வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

"அண்ணே, மண்ணடியில் பேரிங் கடை. சீனாக்காரருக்கு 20 நாளில் 30,000 டாலர் கட்டணும். போனில் USD/INR பார்த்துக்கிட்டே இருக்கேன். எப்போ வாங்கலாம்?"

தம்பி, போனில் ஓடுவது வங்கிகள் தங்களுக்குள் பேசும் விலை. உங்களுக்கு வங்கி விற்கும் ரேட் வேறு. காலை 11 மணிக்கு வங்கிக்கு போன் போட்டு ரேட் கேளுங்கள், அதே நிமிடம் திரையில் இருப்பதையும் நோட்டில் எழுதுங்கள். திரையில் 85.20, வங்கி 85.65 சொன்னால் இடைவெளி 45 காசு. உங்கள் பில்லுக்கு 13,500 ரூபாய்! முதலில் இதைப் பேசி 15 காசுக்குக் கொண்டுவாருங்கள். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் 9,000 ரூபாய் கையில் நிற்கும்.

அப்புறம், சரக்குக்கு விலை போட்டபோது டாலரை என்னவென்று வைத்தீர்கள்? 86 என்று வைத்துக்கொள்வோம். போனில் இரண்டு அலர்ட் வையுங்கள். கீழே 84.95, அது அடித்தால் பாதி டாலருக்கு வங்கியில் ரேட்டை புக் செய்யுங்கள். மேலே 85.70, அது அடித்தால் மிச்சம் எல்லாவற்றையும் அன்றே முடியுங்கள். வங்கியின் 15 காசு சேர்ந்தால் 85.85, இன்னும் 86-க்குள்தான் இருக்கிறீர்கள். பலர் கீழ் அலர்ட் மட்டும் வைத்துவிட்டு, ஏறும்போது 'நாளைக்கு இறங்கும்' என்று உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் போவது அங்கேதான். இரண்டுமே அடிக்காவிட்டால், கெடுவுக்கு மூன்று வேலை நாள் முன்பு வாங்கிவிடுங்கள்.

"சார், இறங்கும்போது வாங்கி அக்கவுண்டில் போட்டு வைக்கலாமே? எதுக்கு புக்கிங்?"

ஏற்றுமதி வருமானம் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. இறக்குமதி மட்டும் செய்பவர் டாலரை வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதனால்தான் ஃபார்வர்டு, அதாவது பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே வங்கியோடு ரேட்டை முடித்து வைப்பது. அதில் பிரீமியம் என்று கொஞ்சம் கூடுதல் விலை சேரும். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 20 நாளுக்கு டாலருக்கு ஏறத்தாழ 9 காசு. அதையும் சேர்த்தே 86-ஓடு ஒப்பிடுங்கள். சரக்கு தாமதமாகி ஃபார்வர்டை ரத்து செய்தால், அன்றைய ரேட் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில். ஒருமுறை எனக்கே நடந்தது. அதிலிருந்து, சப்ளையர் கப்பல் ஏற்றிய தேதியைச் சொல்லாமல் முழுத் தொகையையும் புக் செய்வதில்லை.

"கஸ்டம்ஸ் ரேட் மாறும் நாளில் வாங்கினால் குறையும்னு எங்க ஏஜென்ட் சொன்னார்."

அது சுங்க வரி கணக்கிட அரசு மாதம் இருமுறை அறிவிக்கும் ரேட். நீங்கள் கட்டும் வரியைத்தான் தொடும், வங்கியில் வாங்கும் டாலரைத் தொடாது.

"சௌகார்பேட்டையில் இருபது வருஷமா பார்க்கிறேன், மாதக் கடைசியில் டாலர் ஏறும். முதல் வாரத்தில் வாங்குங்க, அவ்வளவுதான்."

பாதி சரி, அய்யா. மாதக் கடைசியில் எண்ணெய் கம்பெனிகளும் இறக்குமதிக்காரர்களும் டாலர் கேட்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் முன்கூட்டியே விலையில் ஏறிவிடும், ரிசர்வ் வங்கி விற்றால் இறங்கவும் செய்யும். உங்கள் பழைய பில்களில் தேதியும் ரேட்டும் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் அப்படி நடந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.