புகை அடித்துக் கொசு “பழகிவிட்டது” என்பது சரியா?

கேள்வி: கோலாலம்பூரில் படிவம் 6 உயிரியல் படிக்கிறேன். எங்கள் தாமானில் டிங்கி வந்தால் புகை அடிக்கிறார்கள். “கொசு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று எழுதியதற்கு ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. ஏன்? இதைப் பரிணாமத்துக்குச் சான்றாக எழுதலாமா?

பதில்: தப்பு “பழகிவிட்டது” என்ற சொல்லில் இருக்கிறது. பழகுவது ஒரு தனி உயிரி. நாம் காரத்துக்குப் பழகுவதுபோல ஒரு கொசு புகைக்குப் பழகுவதில்லை. மருந்து பட்டால் அது சாகும், அல்லது பிழைக்கும். மாறுவது கொசுக்கூட்டத்தில் எந்த அல்லீல் எவ்வளவு இருக்கிறது என்ற விகிதம்தான்.

புகையில் அடிக்கும் மருந்துகளில் பைரித்ராய்டு என்று ஒரு வகை உண்டு. அது நரம்புச் செல்லில் உள்ள சோடியம் கால்வாயைப் பிடித்து மூடவிடாமல் செய்யும். நரம்பு ஓயாமல் துடித்து, கொசு சுருண்டு விழும். சில ஏடிஸ் கொசுக்களில் இந்தக் கால்வாய்ப் புரதத்தின் 1016ஆம் இடத்தில் வாலீனுக்குப் பதிலாக கிளைசீன் இருக்கிறது. அதனால் மருந்து சரியாகப் பற்றாது. மலேசியக் கொசுக்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். இந்த அல்லீல் பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே நடந்துகொள்ளும். இரண்டு பிரதி இருந்தால்தான் நல்ல பாதுகாப்பு.

இனி கணக்கு. எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். 1000 கொசுக்களில் தாங்கும் அல்லீலின் அலைவெண் 0.1 என்போம். p² + 2pq + q² படி இரண்டு பிரதி உள்ளவை 10, ஒரு பிரதி உள்ளவை 180, பிரதியே இல்லாதவை 810. புகை அடிக்கிறோம். இரண்டு பிரதி உள்ள 10ம் பிழைக்கின்றன. மற்றவற்றில் 80% சாக, 180இல் 36ம் 810இல் 162ம் மிஞ்சுகின்றன. பிழைத்தவை மொத்தம் 208, அவற்றிடம் உள்ள அல்லீல்கள் 416. அதில் தாங்கும் அல்லீல் (10 × 2) + 36 = 56. புதிய அலைவெண் 56 ÷ 416, அதாவது சுமார் 0.135.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருமுறை புகை அடிப்பதாக வைத்து இதே கணக்கைத் தொடருங்கள்: 0.19, பிறகு 0.30, பிறகு 0.48. தொடக்கத்தில் 1% ஆக இருந்த இரட்டைப் பிரதிக் கொசு, நான்கு தடவைக்குப் பிறகு பிறக்கும் கூட்டத்தில் ஏறக்குறைய 23%. முதலில் மெதுவாக நகர்ந்து பிறகு ஓட்டமெடுப்பதற்குக் காரணம் ஒடுங்கு பண்புதான். அல்லீல் அரிதாக இருக்கும்போது பெரும்பாலும் ஒற்றைப் பிரதியாகவே கிடக்கும். அங்கே அதற்குப் பயன் இல்லை. மருந்து நேற்றுவரை வேலை செய்து இன்று திடீரெனத் தோற்றதுபோல மக்களுக்குத் தோன்றுவதும் இதனால்தான். (உண்மையில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் சேர்ந்து வேலை செய்யும்; விடைத்தாளில் அது வேண்டாம்.)

“மருந்துதானே அந்த மாற்றத்தை உண்டாக்கியது?” என்று அடுத்த சந்தேகம் வரும். இதை 1960இல் பென்னெட் என்பவர் பழ ஈக்களை வைத்துச் சோதித்து வெளியிட்டார். ஒவ்வொரு சோடியின் குஞ்சுகளையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் டிடிடி கொடுத்தார். எந்தக் குடும்பம் நன்றாகத் தாங்கியதோ, அந்தக் குடும்பத்தில் மருந்தே படாத உடன்பிறப்புகளை எடுத்து அடுத்த தலைமுறையை வளர்த்தார். பல தலைமுறைக்குப் பிறகு அந்த வரிசையிலும் எதிர்ப்பு ஓங்கி நின்றது. அதன் முன்னோர் ஒன்றுமே டிடிடியைத் தொட்டதில்லை. ஆகவே வேறுபாடு முன்பே இருந்தது. மருந்து அதைச் சலித்தெடுக்க மட்டுமே செய்தது. லாமார்க்கை மறுக்கச் சொல்லும் கேள்விக்கு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தைவிட இது நல்ல விடை.

சான்றாக எழுதலாமா? எழுதலாம், ஆனால் எதற்குச் சான்று என்று பிரித்து எழுதுங்கள். அல்லீல் விகிதம் மாறியது இயற்கைத் தேர்வுக்கு நேரடிச் சான்று. புது இனம் எதுவும் உருவாகவில்லை. அது இன்னும் ஏடிஸ்தான். பொது மூதாதைக்கு வேறு தடயம் வேண்டும், அதுவும் இதே மரபணுவில் இருக்கிறது. 1016 என்ற எண் வீட்டு ஈயின் கால்வாயை அளவுகோலாக வைத்துக் கொடுத்தது. ஈயின் புரதத்தையும் கொசுவின் புரதத்தையும் பக்கத்தில் வைத்தால் அமினோ அமிலங்கள் வரிசையாக ஒத்துப்போவதால்தான் ஒன்றின் எண் மற்றொன்றுக்குப் பொருந்துகிறது. நம் நரம்பிலும் இதன் உறவுக்காரக் கால்வாய்கள் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வீட்டு ஈயிலும் பல கொசு இனங்களிலும் 1014ஆம் இடத்தில் ஒரே மாதிரி எதிர்ப்பு மாற்றம் காணப்படுகிறது. அதைப் பொது மூதாதையிடமிருந்து வந்ததாக எழுதிவிடாதீர்கள். பூச்சிமருந்து வந்தபின் தனித்தனியாகத் தேர்வாகிப் பரவியவை அவை, அதாவது குவிபரிணாமம். மூதாதையிடமிருந்து வந்தது கால்வாய் மரபணு மட்டுமே.