மேலே 168, கீழே 72: கீழ் எண் நன்றாக இருந்தால் போதுமா?

பதில் அளிப்பவர்: குன்னூரில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொது மருத்துவர்

கோத்தகிரி, ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 71: டாக்டர் ஐயா, எனக்கு பி.பி. மேலே 168, கீழே 72. மருந்துக் கடைக்காரர், கீழ் எண் சரியாக இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார். மாத்திரை தேவைதானா?

பதில்: ஐயா, அந்த 72-ஐ ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 168-ஐ உண்டாக்கிய அதே கோளாறுதான் பெரும்பாலும் 72-ஐயும் உண்டாக்கியிருக்கும்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஏறத்தாழ 70 மில்லி இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அப்போது குழாய்ச் சுவரில் ஏறும் உச்ச அழுத்தம் மேல் எண். இளமையில் பெருந்தமனி அந்த இரத்தத்துக்கு இடம் கொடுத்து விரியும். பிறகு இதயம் தளர்ந்து தன் அறைகளை நிரப்பிக்கொள்ளும் வேளையில், விரிந்த சுவர் பழைய நிலைக்குத் திரும்பி, தன்னிடம் தேங்கிய இரத்தத்தை முன்னே தள்ளுவதால், அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடுவதில்லை. அடுத்த துடிப்புக்குச் சற்று முன் அது இறங்கி நிற்கும் அளவே கீழ் எண். கேத்தியில் கேரட்டுக்கு நீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாய் புதிதாக இருக்கும்போது கையால் அழுத்தினால் நெகிழும். பல வெயில் கண்ட பிறகு இறுகிவிடும். வயதான பெருந்தமனியும் அப்படித்தான். விரியாததால் உச்சம் ஏறுகிறது; திரும்பச் சுருங்கித் தள்ளும் வலு இல்லாததால் ஓய்வு நேர அழுத்தம் இறங்குகிறது.

ஆகவே உங்கள் எண்களை ஒரு மருத்துவர் பார்க்கும்போது, 168-ஐயும் 72-ஐயும் தனித்தனியாகப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இரண்டுக்கும் நடுவில் உள்ள 96-ஐயும் பார்ப்பார். சாதாரணமாக அந்த இடைவெளி 40-ஐ ஒட்டி இருக்கும். இவ்வளவு அகன்றிருந்தால் முதலில் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து, பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்று கேட்பார்; இரத்தசோகையும் தைராய்டு மிகுதியும் இதே படத்தைக் காட்டக்கூடும் என்பதால் அவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதுவார். இவை இல்லை என்றால், வேறு நாட்களில் எடுத்த அளவுகளும் இப்படியே இருந்தால், மாத்திரை தேவைதான். உங்கள் வயதில் ஒரு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரம் கழித்து உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அளந்து பார்த்துத்தான் அடுத்த படி ஏறுவோம். உட்கார்ந்து 146-க்கு 66, நின்று 140-க்கு 66 என்று வந்தால் மருந்து சரியான பாதையில் போகிறது என்று பொருள். உட்கார்ந்து 146 இருப்பவருக்கு நின்றதும் 118 ஆகிவிட்டால், எண் அழகாக இருந்தாலும் அந்த மருந்தைக் கூட்டக் கூடாது.

எமரால்டு, தேயிலை விவசாயி: வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான மேல் எண் என்று எங்கள் பழைய டாக்டர் சொல்லுவார். கீழ் எண் 90-ஐத் தாண்டினால்தானே நோய்?

பதில்: உங்கள் டாக்டர் அன்றைய மருத்துவத்தைத்தான் சொல்லியிருக்கிறார். முதியவர்களின் மேல் எண் ஏறுவது நரை போல இயல்பானது, அதைக் குறைத்தால் மூளைக்குப் போகும் இரத்தம் குறையும் என்று மருத்துவ உலகமே நெடுநாள் நம்பியது. அமெரிக்காவில் நடந்து 1991-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. 60 வயதைக் கடந்த, மேல் எண் 160-க்குக் குறையாத, கீழ் எண் 90-க்கு உட்பட்ட 4,736 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்குக் குளோர்தாலிடோன் என்னும் மலிவான நீர் மாத்திரையில் தொடங்கிச் சிகிச்சை அளித்தார்கள். மறுபாதிக்கு மருந்தற்ற மாத்திரை. சிகிச்சை பெற்றவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. கீழ் எண் 90-ஐத் தொடாத அவர்கள் உங்கள் கணக்கில் நோயாளிகளே அல்லர்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கீழ் எண்தான் பெரும்பாலும் முதலில் எச்சரிக்கும். ஐம்பதுகளில் அது ஏற்றத்தை நிறுத்தி மெல்ல இறங்கத் தொடங்குகிறது; மேல் எண் மட்டும் தொடர்ந்து ஏறுகிறது. ஒரே விதியைத் தந்தைக்கும் மகனுக்கும் பொருத்தினால் இருவரில் ஒருவருக்குத் தவறாகிவிடும்.

ஊட்டி, ஹோட்டல் ஊழியர், வயது 34: எனக்கு 126-க்கு 96. மேலே நார்மல்தானே சார்? மிஷின்தான் பழுதோ என்று நினைக்கிறேன்.

பதில்: தம்பி, இயந்திரத்தைப் பழிக்கும் முன் அளந்த விதத்தைச் சொல்லுங்கள். நம் ஊரில் நான் அதிகம் கண்ட தவறு ஸ்வெட்டர்தான். குளிருக்கு அஞ்சி ஸ்வெட்டரைக் கழற்றாமல் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, அந்தச் சுருளுக்குக் கீழே பட்டையைக் கட்டுவார்கள். சுருள் கையை இறுக்கும். பட்டையும் சரியாகப் படியாது. அந்த அளவை நம்ப முடியாது. கையை மேசை மேல் வைக்காமல் தொங்கவிட்டால், பட்டை இதயத்துக்குப் 10 செ.மீ. கீழே இருப்பதற்கே இரண்டு எண்களும் 7 அல்லது 8 கூடும். முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்ந்தாலும் கீழ் எண் சில புள்ளிகள் ஏறும். சட்டைக் கையை முழுவதும் விடுவித்து, சாய்ந்து, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்த பிறகு எடுத்தும் 96 வந்தால் அது உண்மைதான்.

அப்படியானால் உங்கள் சிக்கல் ஆசிரியர் ஐயாவின் சிக்கலுக்கு நேர் எதிரானது. உங்கள் பெருந்தமனி நன்றாக நெகிழ்கிறது. அதனால்தான் மேல் எண் ஏறவில்லை. உடலெங்கும் உள்ள நுண்ணிய தமனிகள் சுருங்கி நிற்பதால், இதயம் ஓய்ந்திருக்கும்போதும் இரத்தம் எளிதில் வடிந்து போக முடியாமல் அழுத்தம் மேலேயே நிற்கிறது. உடல் எடை, மது, உப்பு, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது ஆகியவற்றை முதலில் விசாரிப்பேன். சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்ப்பேன். இன்று சிகிச்சை பெறாவிட்டால், சில ஆண்டுகளில் மேல் எண்ணும் வந்து சேர்ந்துகொள்வது பலரிடம் நான் கண்டது.

கூடலூர், கிராம சுகாதார செவிலியர்: ஒரு பாட்டிக்குப் பாதரசக் கருவியில் பார்த்தபோது மணிக்கட்டு நாடி 190-இல்தான் மறைந்தது. ஆனால் ஸ்டெதஸ்கோப்பில் 150-இல்தான் சத்தம் கேட்டது. எதை எழுதுவது?

பதில்: சகோதரி, நாடியைப் பிடித்துப் பார்த்ததால் நீங்கள் தப்பினீர்கள். ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் விவரித்த அந்தச் சத்தங்கள், சிலரிடம், குறிப்பாகத் தமனி இறுகிய முதியவர்களிடம், தொடங்கிய பிறகு நடுவில் மறைந்து, கீழே வந்து மறுபடியும் கேட்கும். நீங்கள் 150-இல் கேட்டது இரண்டாம் முறை தொடங்கிய சத்தமாகவே இருக்க வேண்டும். நாடி மறைந்த 190-க்கு மேல் இன்னும் 30 ஏற்றி, வினாடிக்கு 2 மி.மீ. வீதம் மெதுவாக இறக்கினால், 190-ஐ ஒட்டி முதல் சத்தம் கிடைக்கும். அதுவே மேல் எண். சத்தம் முழுவதும் நிற்கும் இடம் கீழ் எண். நடு மௌனத்தின் தொடக்கத்தையே கீழ் எண் என்று எழுதிவிடுவது இதே தவறின் மறுபக்கம்.

அரவேணு, இல்லத்தரசி: எங்கள் மிஷினில் மூன்றாவதாக 92 என்று வருகிறது. அதுதான் நீங்கள் சொன்ன இடைவெளியா?

பதில்: இல்லை அம்மா, அது நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு என்ற கணக்கு. இடைவெளியை நீங்களேதான் கழித்துப் பார்க்க வேண்டும். நாடி சீராக இல்லாதவர்களுக்கு டிஜிட்டல் கருவியின் அழுத்த எண்களும் தடுமாறும் என்பதால், துடிப்பு தாறுமாறாக இருப்பதாகத் தோன்றினால் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தவர்: அங்கே 130-க்கு 80, இங்கே டிசம்பரில் 144-க்கு 90. உயரமா, குளிரா? மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: குளிரில் தோலின் சிறு தமனிகள் சுருங்குவதால் இரண்டு எண்களும் ஏறுவது நன்கு தெரிந்த விஷயம். ஊட்டியின் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமும் சிலருக்குச் சிறிது சேர்க்கலாம். ஆனால் ஒருவரிடம் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். ஒரு வாரம், காலையும் மாலையும், அறை கதகதப்பாக இருக்கும்போது அளந்து எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குளிர்காலத்தில் மருந்தைக் கூட்டினால் ஏப்ரலில் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

குன்னூர், மகள்: அம்மாவுக்கு 78 வயது, முன்பே மாரடைப்பு வந்தவர். மாத்திரையால் 170 இப்போது 138 ஆகிவிட்டது. ஆனால் கீழே 54. எழுந்தால் தலை சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவும் வேண்டாம், அப்படியே தொடரவும் வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கீழ் எண் மிகவும் இறங்குவதை நாங்கள் கவனிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதயத்தின் இடது அறைத் தசை தன் இரத்தத்தைப் பெரும்பாலும் தான் தளர்ந்திருக்கும் வேளையில்தான் பெறுகிறது; அப்போது அதைத் தள்ளித் தருவது கீழ் எண்ணின் அழுத்தம். தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு அது குறைந்தால் தசை பட்டினி கிடக்கலாம்.

இதில் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மருந்து கீழ் எண்ணை இறக்குவதே தீங்கு என்பார் சிலர். தமனி ஏற்கனவே கெட்டிருப்பதால்தான் அந்த எண்ணும் குறைவு, நோயும் அதிகம், மருந்தைக் குறை சொல்லாதீர்கள் என்பார் வேறு சிலர். நான் 60-க்குக் கீழே போகும்போது தயங்குகிறவன். இதய நோய் இருந்தால் இன்னும் தயங்குவேன். என் நண்பர் ஒருவர், மேல் எண் பக்கவாதத்தைக் கொண்டுவரும் அளவில் இருந்தால் 55-ஐயும் பொறுத்துக்கொள்வார்.

ஆனால் தலைச்சுற்றல் இருக்கும்போது அந்த விவாதம் இரண்டாம் பட்சம். அம்மாவைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்துவிட்டு, பிடித்துக்கொண்டு எழுப்பி, நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எந்த மாத்திரையை எந்த வேளையில் தருகிறீர்கள், புராஸ்டேட் போன்ற வேறு நோய்க்கோ தூக்கத்துக்கோ என்று வீட்டில் பிறருக்கு வாங்கியது எதுவும் அவர் கையில் சேர்ந்ததா, சாப்பாடும் தண்ணீரும் குறைந்தனவா என்பவற்றை அந்தத் தாளிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். நெஞ்சுவலியோ மயங்கி விழுதலோ வந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்கு.