காபியும் காலைக்கடனும்: வாசகர் கேள்விகள்

இரண்டு வாய் காபி இறங்கியதுமே கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கிறது. குடித்த காபியேதான் வெளியே வருகிறதா, டாக்டர்?

இல்லை. குடித்தது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை எட்டவே சில மணி நேரம் ஆகும். இப்போது வெளியேறுவது, முன்பே அங்கே வந்து காத்திருந்த கழிவு.

1990-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மெல்லிய குழாயை வைத்து அழுத்தத்தை அளந்தபடியே, சர்க்கரை போடாத கறுப்புக் காபியைக் குடிக்கக் கொடுத்தார்கள். ‘காபி குடித்தால் எனக்கு வயிறு இளகும்’ என்று சொன்னவர்களிடம் நான்கே நிமிடத்தில் குடலின் அசைவு கூடியது. அரை மணி நேரமாவது நீடித்தது. நான்கு நிமிடத்தில் காபி அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இரைப்பையிலிருந்தோ சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தோ நரம்பு வழியாகவோ ஹார்மோன் வழியாகவோ செய்திதான் போயிருக்க வேண்டும். காபி குடித்தால் இரைப்பையில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரப்பது கூடுகிறது என்பதும் தெரிந்ததே. தூங்கி எழுந்த பிறகு பெருங்குடல் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும். அதனால்தான் காலைக் காபிக்கு இத்தனை வேகம்.

காஃபீன் நீக்கிய காபிக்கு மாறினால் இது நிற்குமா?

முழுமையாக நிற்காது. அதே ஆய்வில் காஃபீன் நீக்கிய காபியும் குடலை அசைத்தது. வெறும் வெந்நீர் அசைக்கவில்லை. ஆகவே காரணம் சூடும் அல்ல, காஃபீன் மட்டுமும் அல்ல. காபிக்கொட்டையின் வேறு பொருள்களுக்கும் பங்கு இருக்கிறது. அது இன்ன பொருள்தான் என்று யாரும் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் காஃபீன் இருந்தால் வேகம் கூடும். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 240 மி.லி. சாதாரணக் காபி, காஃபீன் நீக்கியதைவிடச் சுமார் 23 சதவீதம் அதிகமாகப் பெருங்குடலைத் தூண்டியது. பஸ் பயணத்துக்கு முன் மாற்றிக் குடித்தால் அவசரம் சற்றுக் குறையலாம். அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

என் கணவர் நாளுக்கு நான்கு டம்ளர் குடிக்கிறார்; அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. முதலில் சொன்ன ஆய்வில் கேட்கப்பட்ட 99 இளம் வயதினரில் 29 சதவீதம் பேரே காபி மலம் கழிக்கத் தூண்டுவதாகச் சொன்னார்கள். நீங்கள் அந்தக் கூட்டம், அவர் மற்றக் கூட்டம்.

எனக்குக் காபி குடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வயிறு உப்பி, தண்ணீராகப் போகிறது.

உடனே வராமல் தாமதித்து, உப்புசத்தோடு வருகிறது என்றால் முதலில் பாலைத்தான் சந்தேகிப்பேன். பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு இப்படி ஆகும். ஐந்து நாள் அதே டிகாஷனைப் பால் இல்லாமல் குடியுங்கள். அந்த நாள்களில் மோர், தயிர் தவிர்த்த பால் பண்டங்களும் வேண்டாம். உப்புசம் அடங்கிவிட்டால் குற்றம் பாலுடையது. அடங்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குப் பேதி ஆனாலோ காபியை ஆராய்ந்துகொண்டிருக்காமல் நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள்.